பேஸ் சார்ட்டைப் படிக்கும் முறை: கவிதாவுக்கு ஒரு கடிதம்

சென்னை,
ஆகஸ்ட் 18

அன்புள்ள கவிதா,

ஞாயிறு காலை 5 கி.மீ. ஓட்டத்தை 36:40-க்கு முடித்தீர்கள். ஓடத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது, இது நல்ல நேரம். இத்துடன் அனுப்பியிருக்கும் பேஸ் சார்ட்டை முதல் தடவை பார்க்கும்போது வெறும் எண்களாகத்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பேஸ் என்பது ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் நேரம். எண் குறைந்தால் வேகம் கூடுகிறது. ட்ரெட்மில்லில் காட்டுவது மணிக்கு எத்தனை கி.மீ. என்ற கணக்கு, அது இதற்குத் தலைகீழ். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் பேஸ் கிடைக்கும்: 8-ல் ஓடினால் 7:30.

உங்கள் பேஸைக் கண்டுபிடிக்க முதலில் நேரத்தை வினாடியாக்குங்கள். 36 நிமிடம் 40 வினாடி என்றால் 2,200 வினாடி. ஐந்தால் வகுத்தால் 440, அதாவது 7 நிமிடம் 20 வினாடி. கால்குலேட்டரில் நேராக 36.40 ÷ 5 என்று போட்டால் 7.28 வரும். அதை 7:28 என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. நிமிடத்துக்கு 60 வினாடி, கால்குலேட்டருக்கு அது தெரியாது. கிலோமீட்டருக்கு 8 வினாடி பிசகினால் 10 கி.மீ.யில் 80 வினாடி பிசகும்.

இப்போது சார்ட்டின் இடது ஓரத்தில் 7:20-ஐத் தேடி, அந்த வரிசையில் விரலை வலப்பக்கம் நகர்த்துங்கள். 400 மீட்டருக்கு 2:56, 5 கி.மீ.க்கு 36:40, 10 கி.மீ.க்கு 1:13:20, அரை மாரத்தானுக்கு 2:34:43. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே வரிசையில் இருப்பதாலேயே இவை எல்லாம் உங்களால் முடியும் நேரங்கள் ஆகிவிடாது. "இதே பேஸ் கடைசிவரை குறையாமல் இருந்தால்" என்ற பெருக்கல் கணக்கு மட்டுமே அது. தூரம் கூடக்கூட பேஸ் தளரும், எல்லோருக்கும். 5 கி.மீ. நேரத்தை வைத்து 10 கி.மீ.யைக் கணிக்க இரண்டால் பெருக்காமல் ஏறக்குறைய 2.085-ஆல் பெருக்குவோம். உங்களுக்கு அது 1:16:27. ஆகவே அடுத்த மாதப் பந்தயத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது 7:40 வரிசை:

3 கி.மீ. – 23:00
5 கி.மீ. – 38:20
8 கி.மீ. – 1:01:20
10 கி.மீ. – 1:16:40

இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேலே செலோ டேப் ஒட்டி, மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கையில் பேனாவால் எழுதினால் மூன்றாவது கிலோமீட்டருக்குள் வியர்வையில் அழிந்துவிடும்.

முதல் கிலோமீட்டர் 7:10-க்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த 30 வினாடி சேமிப்பு இல்லை, கடன். ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் 8:20, 8:30 என்று வட்டியோடு போகும். முதல் கிலோமீட்டரை 7:45, 7:50-க்கே ஓடுங்கள்.

வாட்சில் நொடிக்கு நொடி மாறும் பேஸைப் பார்க்க வேண்டாம். மரத்தடியிலும் மேம்பாலத்துக்குக் கீழும் அது 6:50 என்றும் 8:30 என்றும் தாவும். ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரியைக் காட்டும் லேப் பேஸ் வரும் திரையை வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் அகலமாகச் சுற்றினால் 10 கி.மீ. பந்தயம் வாட்சில் 10.15 என்று காட்டும். அப்போது அது 7:40 என்று சொன்னாலும் எல்லைக்கோட்டில் 1:17:49 ஆகியிருக்கும். எனவே சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மொத்த நேரத்தை மணிக்கட்டுத் தாளோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் தரையில் விரித்திருக்கும் டைமிங் மேட்டை மிதிக்கும்போது வாட்சை அழுத்துங்கள், விசில் ஊதும்போது வேண்டாம்.

பயிற்சி நாட்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. செவ்வாய், வியாழன் நிதான ஓட்டம் 8:40 முதல் 9:15 வரை, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அதைவிட வேகமாக ஓடினால் சனிக்கிழமை ட்ராக்கில் கால் வராது. சனிக்கிழமை 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 2:56. முதல் சுற்று 2:40-க்கு வந்தால் ஆறாவது சுற்று வராது. 200 மீட்டர் கோட்டில் 1:28 காட்டுகிறதா என்று பாருங்கள், அங்கேயே சரிசெய்யலாம்.

சார்ட்டுக்கு வெயிலும் தெரியாது, புழுக்கமும் தெரியாது. செப்டம்பர் விடியலில் சட்டை நனைந்து ஒட்டும் அளவுக்குப் புழுங்கினால், 7:40-ஐ விட்டுவிட்டு 7:50 அல்லது 8:00 வரிசைக்கு இறங்குங்கள். தலை சுற்றினாலோ உடம்பு குளிர்ந்தாலோ நின்றுவிடுங்கள், எந்த வரிசையும் பார்க்க வேண்டாம்.

இணையத்தில் வேறு சார்ட் எடுத்தால் தலைப்பில் மைலா கிலோமீட்டரா என்று பாருங்கள். மைலுக்கு 8:00 என்பது கிலோமீட்டருக்கு 4:58.

சனிக்கிழமை காலை 5:15-க்கு ட்ராக்கில் பார்ப்போம். 7:40 வரிசையில் 400 மீட்டருக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கோச்