தேன் குப்பி கொள்முதல்: சீன விலையும் நாகர்கோவில் விலையும், குடோன் வாசல் வரையான கணக்கு

பெறுநர்: அண்ணனுக்கும் அக்காவுக்கும்
அனுப்புவது: கொள்முதல், கணக்குப் பிரிவு, மார்த்தாண்டம்
பொருள்: 500 கிராம் கண்ணாடிக் குப்பி, ட்விஸ்ட் மூடியுடன்

சீனக் கம்பெனியின் கொட்டேஷனில் குப்பிக்கு 15 சென்ட். நம் பேங்க் ரேட் 89 ரூபாயில் பார்த்தால் 13 ரூபாய் 35 பைசா. நாகர்கோவில் மொத்த வியாபாரி 18 ரூபாய் 90 பைசா கேட்கிறார். அஞ்சரை ரூபாய் வித்தியாசம் என்பதால்தான் அண்ணன் ஒரு கண்டெய்னர் எடுத்துப் பார்ப்போம் என்றார். இரண்டு விலையையும் நம் குடோன் வாசல் வரை கொண்டுவந்து பார்த்தேன். சீனக் குப்பி 25 ரூபாய் 11 பைசா, நாகர்கோவில் குப்பி 20 ரூபாய் 37 பைசா. இந்த விலைக்கு இறக்குமதி வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு கீழே.

20 அடி கண்டெய்னரில் 30,000 குப்பி ஏறும். கண்ணாடி என்பதால் எடையைவிட இடம்தான் முதலில் நிரம்புகிறது. நமக்கு மாதம் சுமார் 4,000 குப்பி வேண்டும். அப்படியென்றால் ஒரு கண்டெய்னர் ஏழரை மாதத்துச் சரக்கு.

| செலவு | ரூபாய் |
|---|---|
| எஃப்ஓபி விலை, சீனாவில் கப்பலில் ஏற்றித் தருவது வரை, 4,500 டாலர் | 4,00,500 |
| கப்பல் கூலி, தூத்துக்குடி வரை, 900 டாலர் | 80,100 |
| கடல் இன்சூரன்ஸ் | 2,500 |
| சுங்க வரி 10%, அதன்மேல் சமூகநல சர்சார்ஜ் 10% | 53,141 |
| கப்பல் கம்பெனியின் உள்ளூர்க் கட்டணங்கள் | 24,000 |
| சிஎஃப்எஸ் யார்டு கையாளும் கட்டணம் | 14,000 |
| கஸ்டம்ஸ் புரோக்கர் | 12,000 |
| தூத்துக்குடி – மார்த்தாண்டம் டிரெய்லர், காலிப் பெட்டி திரும்புவது உட்பட | 34,000 |
| பேங்க் கமிஷன், இரண்டு முறை பணம் அனுப்ப | 6,500 |
| ஏற்றுமுன் மூன்றாம் நபர் சோதனை | 18,000 |
| இறக்கு கூலி, டெம்போ | 16,000 |
| தாமதக் கட்டணத்துக்கு ஒதுக்கீடு | 10,000 |
| குடோனுக்குள் வந்தபோது | 6,70,741 |

இதில் 18% ஐஜிஎஸ்டி சேரவில்லை. அது 96,523 ரூபாய் வருகிறது. கிரெடிட்டாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால் செலவில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இறக்குமதிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். நாகர்கோவில் பில்லின் 18 சதவீதத்தையும் அதே காரணத்துக்காக விட்டிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம். பேக் செய்த தேனுக்கு நாம் வசூலிப்பது 5% மட்டும்தான். மாதத்துக்கு ஏறக்குறைய 42,000 ரூபாய்தான் நம் பக்கம் வரி வருகிறது. ஒரே நாளில் 96,523 கட்டிவிட்டு அதைக் கழித்து முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

சுங்கம் வரி போடுவது குப்பி விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த 4,83,100 ரூபாய்க்கு. கப்பல் கூலிக்கு ரசீது காட்டாவிட்டால் எஃப்ஓபி விலையில் 20% என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நம் 900 டாலரும் சரியாக 20% என்பதால் அதில் நட்டமில்லை. இன்சூரன்ஸ் பாலிசி மட்டும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1.125% என்று வைப்பார்கள், நாம் கட்டுவதைவிட அது அதிகம்.

இனி, கொட்டேஷனில் கண்ணில் படாத செலவுகள்.

கப்பல் கம்பெனியின் உள்ளூர்க் கட்டணங்களை அண்ணன் தனியாகப் பார்க்க வேண்டும். போன வாரம் சீனக் கம்பெனி இரண்டாவது விலை ஒன்று அனுப்பியது. கப்பல் கூலி சேர்த்து, இன்சூரன்ஸ் சேர்க்காமல், தூத்துக்குடி வரை கொண்டுவந்து தரும் சிஎஃப்ஆர் விலை 4,950 டாலர். முதல் கணக்கில் 5,400 டாலர். வரியோடு சேர்த்துப் பார்த்தால் 44,455 ரூபாய் மிச்சம் போலத் தெரிந்தது. அவர்கள் சொன்ன ஏஜெண்டிடம் இங்கே என்னென்ன கட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். டெலிவரி ஆர்டர் கட்டணம், டெர்மினல் கையாளுதல், டாக்குமெண்டேஷன், கரன்சி அட்ஜஸ்ட்மெண்ட், பெட்டி கழுவும் கட்டணம், சீல் கட்டணம், இன்னும் என்னவெல்லாமோ சேர்த்து 71,500 ரூபாய். நாமே ஏஜெண்டைப் பிடித்தால் இதே வகைக்கு 24,000. அங்கே விட்டதை இங்கே வாங்கிக்கொள்கிறார்கள், அதற்கு மேலும் 3,000 ரூபாய் போகிறது. டெலிவரி ஆர்டர் அவர்கள் கையில் இருக்கிறது. சரக்கு யார்டில் கிடக்கும்போது பேரம் பேச நமக்கு வழியில்லை. எதிர்காலத்தில் எது வாங்கினாலும் எஃப்ஓபி விலையே கேட்போம்.

டிரெய்லர் காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாக வந்து மெயின் ரோட்டில் நிற்கும். நம் குடோன் இருக்கும் சந்துக்குள் 20 அடிப் பெட்டி திரும்பாது என்று டிரைவர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டியே உறுதி செய்தேன். ஆகவே ரோட்டோரத்தில் பெட்டியைத் திறந்து, லோடுமேன்கள் அட்டைப்பெட்டிகளை டெம்போவில் மாற்றி, குடோனுக்குப் பல நடை அடிக்க வேண்டும். இரண்டு மழையும் பெய்கிற ஊர் நம்முடையது. அட்டை நனைந்து அடி விட்டால் குப்பி ரோட்டில்தான். 16,000 ரூபாய் மழை இல்லாத நாளுக்கான கணக்கு.

உடைசல் 3% போட்டிருக்கிறேன். அதிகம் என்று தோன்றினால் 1% வைத்தும் பார்க்கலாம், பதில் மாறவில்லை. அப்போதும் 24 ரூபாய் 60 பைசா. இன்சூரன்ஸ் பாலிசியில் முதல் 1% உடைசலுக்கு நட்டஈடு கிடையாது. மூடி சரியில்லாமல் தேன் கசிந்தால் அது இன்சூரன்ஸில் வரவே வராது. சீனக் கம்பெனி முன்பணமாக 30%, கப்பல் ஏறியதும் பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டி மீதி 70% என்கிறது. பெட்டியைத் திறக்கும்போது நம் பணம் முழுதும் அவர்களிடம். குறை சொன்னால் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறோம் என்பார்கள். நமக்கு அடுத்த ஆர்டர் ஏழு மாதம் கழித்து! அதனால்தான் ஏற்றுமுன் சோதனைக்கு 18,000 வைத்தேன், அதைக் குறைக்கச் சம்மதமில்லை.

தாமதம் பற்றி. கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள் நாளுக்கு 5,000, பிறகு நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். யார்டு வாடகையும், பெட்டியைத் திருப்பித் தராததற்கான டிடென்ஷனும் வேறு. ஒரிஜினல் பேப்பர் கூரியரில் தாமதமானாலே இது நடக்கும். 10,000 ரூபாய் ஒதுக்கீடு குறைவுதான், ஆனால் ஊகத்தை ஏற்றிக் கணக்கை என் பக்கம் சாய்க்க விரும்பவில்லை.

அப்புறம் வட்டி. நம் ஓடி வட்டி 12%. முன்பணத்துக்கு 75 நாள், மீதிக்கு 30 நாள், வந்த சரக்கு தீரும்வரை சராசரியாக 3.75 மாதம், முடங்கிய ஐஜிஎஸ்டிக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். 30,000 குப்பி வைக்க நம் குடோன் போதாது. பக்கத்து ஷெட் மாதம் 4,000, ஏழு மாதத்துக்கு 28,000. ஆக மொத்தம் 7,30,741. உடைசல் போக நல்ல குப்பி 29,100. அப்படித்தான் 25 ரூபாய் 11 பைசா. வட்டியும் வாடகையும் வேண்டாம் என்று அண்ணன் அடித்துவிட்டாலும் 23 ரூபாய் 5 பைசாவுக்குக் கீழே இறங்கவில்லை.

நாகர்கோவில் குப்பிக்கும் மறைவான செலவு இல்லாமல் இல்லை. 18.90-க்கு மேல் வண்டி வாடகை 45 பைசா, இறக்கு கூலி 25 பைசா. கழிவு 1% சேர்த்தால் 19.80. முப்பது நாள் கடன் தருகிறார், அதனால் 19 பைசா மிச்சம். ஆனால் விலை ஏறும். சூளைக்கு எரிவாயு விலை ஏறினால் கண்ணாடி விலையும் ஏறும், அவர் போனில் சொல்லிவிட்டு அடுத்த பில்லிலேயே போட்டுவிடுவார். அதற்காக 4%, அதாவது 76 பைசா சேர்த்தேன். வருவது 20.37. உடைந்த குப்பியை வண்டி வாசலில் நிற்கும்போதே எண்ணிக் காட்டினால் மாற்றித் தருகிறார். பணமாக எழுத முடியாத குறை ஒன்று உண்டு. லோட்டுக்கு லோட் கண்ணாடியில் லேசான பச்சை நிறம் மாறுகிறது, சில லோட்டில் தோள்பகுதி வளைவு வேறு மாதிரி. லேபிள் ஓரம் சுருங்குகிறது என்று பேக்கிங் பிள்ளைகள் சொல்வது இதனால்தான். அக்கா சீனக் குப்பி சாம்பிளைப் பார்த்து ஆசைப்பட்டதற்குக் காரணம் நியாயமானதே, அந்த வார்ப்பு சுத்தமாக இருக்கிறது.

ஒரு குப்பிக்கு 4 ரூபாய் 74 பைசா வித்தியாசம். வருஷம் 48,000 குப்பிக்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல்.

எந்த விலைக்கு வந்தால் இறக்குமதி சமமாகும் என்று அண்ணன் கேட்பார். எஃப்ஓபி பத்தரை சென்ட். இந்த மூடியோடு அந்த விலை வருமென்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் குப்பி விலை அல்ல. இன்சூரன்ஸும் சுங்க வரியும் நீங்கலாக, கப்பல் கூலியிலிருந்து தாமத ஒதுக்கீடு வரை, பெட்டிக்குள் என்ன இருந்தாலும் மாறாத செலவு மட்டும் 2,14,600 ரூபாய், குப்பிக்கு 7 ரூபாய் 15 பைசா. மலிவான, இடத்தை அடைக்கிற, உடைகிற பொருளுக்கு இது தாங்காது. இதே பெட்டியில் விலை கூடின பொருள் வந்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் குப்பிக்கு 20 பைசா கூடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

அறுகோணக் குப்பியில் நம் பெயரைப் பொறித்துப் போடும் திட்டம் மட்டும் தனி. அதை நாகர்கோவில் வியாபாரியால் தர முடியாது. அது பரிசுப் பெட்டிக்கு, விலை கூட்டி விற்கிற சரக்கு. அதற்கு வேறொரு தேன் கம்பெனியோடு சேர்ந்து 40 அடிப் பெட்டியாக எடுக்க முடிந்தால் பேசலாம். அப்போது நமக்கு ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆனால் பேங்கின் ஏடி கோடைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பதிவு செய்ய நாள் பிடிக்கும். பிஐஎஸ் உத்தரவு எதுவும் அந்தக் குப்பிக்குப் பொருந்துமா என்று கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுக்கலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் தேன் வரத்து ஏறும்போது குப்பிக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது. ஆகவே நாகர்கோவிலில் ஜனவரி கடைசிக்குள் 10,000 குப்பி, இரண்டு நடையாக, இன்றைய 18.90 விலையை மூன்று மாதத்துக்கு எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் போட அனுமதி வேண்டும். கேட்டால் 18.60-க்கு இறங்குவார் என்று நினைக்கிறேன். ஒரே வார்ப்பிலிருந்து எல்லாக் குப்பியும் தர வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமைக்குள் சொன்னால் வெள்ளிக்கிழமை பேசி முடித்துவிடலாம்.