கடைக்குத்தானே போறன், ஹெல்மெற் எதுக்கு?

1
சைட் கண்ணாடியில் ஹெல்மெற் தொங்குது. தலை வெறுமை. எங்கட ஒழுங்கைகளில் தினமும் காணுற காட்சி.

2
போட்டால் மட்டும் காணாது, நாடிப் பட்டியைப் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெற் விழுகிற நேரம் கழன்று பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதா? மாற்றுங்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே ரெஜிபோம் நசிந்திருக்கும். பின்னுக்கு இருப்பவருக்கும் சட்டம் ஒன்றுதான். (சேலைத் தலைப்பையும் ஒருக்கா பாருங்கோ, சில்லுக்குக் கிட்ட நிற்கும்.)

3
நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கத்தால் நுழையாதீர்கள். சனம் இறங்குவது அந்தப் பக்கம்.
வலப்பக்கம் திரும்பவா? முதலே கண்ணாடி, பிறகு சிக்னல், கடைசியாகத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை.
தொடர் வெள்ளைக்கோட்டில் முந்தல் இல்லை.

4
இரவு, 60 கிலோமீற்றர் வேகம்: ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடுவீர்கள். பிறேக்கைப் பிடிக்க முதலே அவ்வளவு தூரம் போய்விடும். பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டியோ, றோட்டில் படுத்திருக்கும் மாடோ அதற்குள்தான் நிற்கும்.

5
எதிர் லைற் கூசினால் பதிலுக்குப் பெரிய லைற் அடிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியாது. வேகத்தைக் குறைத்து, இடது ஓரக்கோட்டைப் பார்த்து ஓடுங்கள்.
கறுத்த வைசரை இரவில் போடவேண்டாம்.

6
விபத்தைக் கண்டால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. ஹெல்மெற்றை இழுத்துக் கழற்றாதீர்கள்.