மிட்ரல் வால்வு சுருக்கம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: அவசரப் பரிந்துரைக் கடிதம்

கோத்தகிரி
12.11.2025

பெறுநர்:
இதய நோய் சிறப்பு மருத்துவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதத்தைக் கொண்டு வரும் 43 வயதுப் பெண்மணி, கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. ருமாட்டிக் மிட்ரல் வால்வு சுருக்கத்துடன் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருப்பதாகக் கருதி இவரைத் தங்களிடம் அனுப்புகிறேன். எட்டு நாட்களுக்கு முன் இவருக்குத் தற்காலிகப் பக்கவாதம் வந்து போயிருக்கலாம் என்று இன்றுதான் தெரிய வந்ததால், தயவுசெய்து இன்றே பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓராண்டாக மேடேறும்போது மூச்சு வாங்குகிறது. வேறோரிடத்தில் ஆஸ்துமா என்று சொல்லி சால்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பலன் இல்லை, படபடப்புதான் கூடியது. இரண்டு மாதங்களாக இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. இருமலில் இருமுறை இரத்தம் கலந்து வந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. பன்னிரண்டு வயதில் மூட்டுகள் மாறி மாறி வீங்கிக் காய்ச்சலுடன் படுத்ததாகவும், திருமணம் வரை மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு பிறகு விட்டுவிட்டதாகவும் கேட்டபோது கூறினார். இரண்டு பிரசவங்களும் சுகப்பிரசவம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை.

நவம்பர் 4 அன்று காலை, பறித்த கொழுந்தைப் பைக்குள் போடும்போது வலது கை தளர்ந்து இலை முழுவதும் கீழே கொட்டியிருக்கிறது. பக்கத்து நிரையில் நின்ற மகள் கூப்பிட்டதற்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை. சுமார் பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. குளிரில் கை விறைத்துவிட்டது என்று நினைத்து, 6ஆம் தேதி முதலில் என்னிடம் வந்தபோது இதைச் சொல்லவில்லை. இன்று மகளிடம் விசாரித்தபோதே தெரிந்தது. இப்போது கை கால் பலம், பேச்சு, முகம் அனைத்தும் இயல்பாக உள்ளன. மூளை சி.டி. ஸ்கேன் எடுக்கப்படவில்லை.

6ஆம் தேதி இதயத் துடிப்பு 124, மணிக்கட்டு நாடி 102, முற்றிலும் ஒழுங்கற்றது. இரத்த அழுத்தம் 108/70. முதல் இதய ஒலி உரத்துக் கேட்டது. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துக் கேட்டபோது இதய நுனியில் ஓப்பனிங் ஸ்னாப்பும், டயஸ்டோலில் தாழ்ந்த உருமலும் தெளிவாகக் கேட்டன. இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நுண்ணிய கிரெபிடேஷன் இருந்தது; கால் வீக்கம் இல்லை. ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். அதே கருவியில் மகளுக்கு 96 காட்டியதால், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வாழ்வதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் இடது விளிம்பு நேராகி, இடது ஏட்ரியம் பெருத்துத் தெரிகிறது. ஹீமோகுளோபின் 8.7, கிரியாட்டினின் 0.8, பொட்டாசியம் 4.1, ஐ.என்.ஆர். 1.1, தைராய்டு இயல்பு. எக்கோ வசதி எங்களிடம் இல்லை.

மெட்டோப்ரோலால் 25 மி.கி. இருவேளை, ஃப்ரூஸ்மைடு 40 மி.கி. காலையில், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை 6ஆம் தேதியிலிருந்து தரப்படுகின்றன, இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். இன்று இதயத் துடிப்பு 94, ஆக்சிஜன் 93 சதவீதம், இரவில் ஓரளவு தூங்குகிறார்.

எனக்குப் பெரும் கவலை தருவது இரத்த உறைவுத் தடுப்பு மருந்துதான். இவருக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் ஆறு மாதங்களாக மாதவிடாயில் கட்டி கட்டியாக இரத்தப்போக்கு இருக்கிறது, இரத்தசோகைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மூளை ஸ்கேன் பார்க்காமலும், தங்களைக் கேட்காமலும் வார்ஃபரினோ ஆஸ்பிரினோ தொடங்கத் துணியவில்லை. ருமாட்டிக் வால்வு நோயுடன் இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களிடம் ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளே மேல் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியதால், அந்த மாத்திரையையும் தரவில்லை. ஸ்கேன் முடிந்ததும் ஹெப்பாரினுடன் தொடங்கலாமா, எப்போது தொடங்கலாம், இரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரை அங்கேயே பார்க்க வைக்க முடியுமா என்பதை முதலில் தீர்மானித்துத் தர வேண்டுகிறேன். வால்வு சுருக்கத்தின் அளவு, இடது ஏட்ரியத்தில் உறைகட்டி உள்ளதா, பலூன் மூலம் விரிக்க ஏற்ற வால்வா அல்லது அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்விகள் அதற்கு அடுத்து. பென்சிலின் ஊசியை மீண்டும் எத்தனை காலத்துக்குப் போட வேண்டும் என்றும் தெரிவியுங்கள். இங்கேயே தவறாமல் போட்டுவிடுகிறேன்.

ஐ.என்.ஆர். பரிசோதனையையும் இங்கேயே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் கோவை வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வரவே முடியாது. ஆகவே மருந்தின் அளவை எனக்கு எழுதி அனுப்பினால் போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இவரிடம் உள்ளது.

மகள் உடன் வருகிறார், காரில் அனுப்பியுள்ளேன். வழியில் கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லச் சொல்லியிருக்கிறேன். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை முடிவுகளை இணைத்துள்ளேன். பார்த்த பின் எந்நேரமானாலும் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். என் எண் மகளிடம் உள்ளது.

நன்றியுடன்,
குடும்ப மருத்துவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.