காவல் நீட்டிப்பு மனுவுக்கு எதிரி தரப்பு எழுத்துமூல ஆட்சேபணை

கனம் நீதித்துறை நடுவர் அவர்கள் சமூகம், கிருஷ்ணகிரி.
குற்ற எண் 418/2025. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(3).
விசாரணை நாள்: 15.12.2025.

எதிரி தரப்பில் பணிந்து சமர்ப்பிப்பதாவது:

12.12.2025 அன்று அளிக்கப்பட்ட மூன்று நாள் போலீஸ் காவல் இன்று மாலை 5 மணியுடன் முடிகிறது. மேலும் ஐந்து நாள் கோரி விசாரணை அதிகாரி தாக்கல் செய்துள்ள மனுவை எதிரி முழுமையாக ஆட்சேபிக்கிறார். மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து ஏற்றப்பட்ட சரக்கில் 18 டிரம்கள் சேருமிடத்தில் குறைந்தன, லாரி ஓட்டுநரான எதிரியே அவற்றை இடைவழியில் விற்றுவிட்டார் என்பதே வழக்கின் சாரம். அது உண்மையா என்பது இன்றைய கேள்வி அல்ல. கைது சட்டப்படி நடந்ததா, அதன் மேல் இன்னொரு நாள் போலீஸ் காவலை ஏற்ற முடியுமா என்ற இரண்டே கேள்விகளுக்குள் இந்த ஆட்சேபணை நிற்கும்.

கோப்பிலுள்ள கைது அறிவிப்பை இந்த நீதிமன்றம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கோருகிறேன். அது தமிழில் அச்சிடப்பட்ட ஒற்றைத் தாள். காரணம் என்ற கட்டத்தில், மேலும் குற்றம் செய்யாமல் தடுக்கவும், சாட்சியத்தைக் கலைக்காமல் இருக்கவும், விசாரணைக்கு ஒத்துழைக்கச் செய்யவும் கைது செய்யப்பட்டதாக மூன்று வரிகள் உள்ளன. எந்தச் சரக்கு, எந்த நாள், எவ்வளவு, எதிரிக்கு எதிராக என்ன ஆதாரம் என்று ஒரு சொல்கூட இல்லை. கீழே எதிரியின் கையெழுத்து தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. அதற்கடியில் வேறொருவர் கையால் "படித்துக் காட்டப்பட்டது, சரி" என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. படித்துக் காட்டியவர் யார், எந்த மொழியில் என்பதற்குக் குறிப்பில்லை.

எதிரி வேப்பனப்பள்ளி பக்கத்து எல்லைக் கிராமத்தவர். ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்கு வழியில் படித்தவர். சந்தையிலும் செக்போஸ்டிலும் தமிழ் பேசுவார் என்று அரசு உதவி வழக்கறிஞர் சொல்லக்கூடும், பேசுவார்தான். நம் மாவட்டத்து எல்லை ஊர்களில் மூன்று மொழியில் வாடகை பேசாத லாரி ஓட்டுநர் அரிது. வாடகை பேசும் தமிழை வைத்துக்கொண்டு ஒருவர் சட்ட வாசகத்தைப் படித்துப் புரிந்துகொண்டார் என்று கொள்ள முடியாது. புரிந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தாளில் புரிந்துகொள்ள எதுவும் இல்லை.

அரசியலமைப்பின் 22(1)-ஆம் உறுப்பும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47-ஆம் பிரிவும் கைதின் அடிப்படைகளைத் தெரிவிக்கக் கட்டளையிடுகின்றன. எந்தக் கைதுக்கும் பொருந்தும் பொதுக் காரணம் வேறு, அந்த ஒரு மனிதருக்கே உரிய அடிப்படைகள் வேறு என்பதை உச்ச நீதிமன்றம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் 2024-இல் பிரித்துக் காட்டியது. தெரிவித்ததை நிரூபிக்கும் பொறுப்பு காவல்துறையையே சேரும், ரிமாண்ட் செய்யும் நடுவர் இதை உறுதிசெய்ய வேண்டும் என்று விஹான் குமார் வழக்கில் 07.02.2025 அன்று கூறியது. மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 06.11.2025 அன்று வழங்கிய தீர்ப்பு இன்னும் தெளிவானது: எல்லாக் குற்றங்களுக்கும், கைதானவர் அறிந்த மொழியில், எழுத்துமூலம் அடிப்படைகளைத் தர வேண்டும், உடனே இயலாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும், தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதமாகும். இந்தக் கைது அத்தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து நடந்தது.

அடுத்தது நேரம். கைது அறிவிப்பின்படி கைது 09.12.2025 மாலை 4.10 மணிக்கு. ஆனால் லாரியைக் கைப்பற்றிய மகஜர் அதே நாள் காலை 7.15 மணிக்கு, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே, "எதிரி அடையாளம் காட்ட" எழுதப்பட்டதாக அதன் முதல் பத்தியே சொல்கிறது. அந்த மகஜரிலும் அதே தெலுங்குக் கையெழுத்து. காலை ஏழேகால் முதல் மாலை நாலு மணி வரை அவர் தன் விருப்பப்படி எங்கும் போயிருக்க முடியாது. காவலர்களின் பிடியில்தான் இருந்தார். மறுநாள் காலை 10.30 மணிக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது 27 மணி நேரம் 15 நிமிடம் கடந்திருந்தது. நிலையத்திலிருந்து இங்கு வர அரை மணி நேரம் ஆகும். அதைக் கழித்தாலும் 22(2)-ஆம் உறுப்பும் 58-ஆம் பிரிவும் வைத்த 24 மணி நேர எல்லை மீறப்பட்டுள்ளது.

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முதல் ரிமாண்டின்போது எதிரிக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி மூலம் நான் 11-ஆம் தேதி நியமிக்கப்பட்டேன். 12-ஆம் தேதி வாய்மொழியாக ஆட்சேபித்தபோது மகஜர் நகல் என்னிடம் இல்லை, 13-ஆம் தேதிதான் கிடைத்தது. அடிப்படை உரிமை மீறல், இடையில் பிறந்த ஓர் உத்தரவால் சரியாகிவிடாது.

ஏழாண்டு வரை தண்டனைக்குரிய இக்குற்றத்தில் 35(3)-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பாமல் நேரடியாகக் கைது செய்ததற்கும் கோப்பில் விளக்கமில்லை.

இனி நீட்டிப்புக்கான காரணங்கள். கைப்பேசியைக் கைப்பற்ற வேண்டும் என்கிறது மனு. 10-ஆம் தேதியிட்ட படிவத்தில் வரிசை எண் 3-ஆக அதே கைப்பேசி ஏற்கெனவே நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. குப்பத்தில் சரக்கை வாங்கியவரை அடையாளம் காண வேண்டும் என்கிறது. 13-ஆம் தேதி எதிரியைக் குப்பத்துக்கு அழைத்துச் சென்று வெறுங்கையுடன் திரும்பியதை மனுவே ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் முறை போனால் புதிதாக என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. மிஞ்சுவது, எதிரி "ஒத்துழைக்கவில்லை" என்பது. 20(3)-ஆம் உறுப்பு இருக்கும்வரை, விரும்பிய பதிலைச் சொல்லாதது ஒத்துழையாமை ஆகாது. 187-ஆம் பிரிவு சொல்லும் 15 நாள் உச்ச வரம்புதான். காவல்துறைக்கு வரவு வைக்கப்பட்ட கணக்கு அல்ல. வழக்கு நாட்குறிப்பை எதிரி பார்க்க இயலாது, நீதிமன்றம் பார்க்கலாம். கடந்த மூன்று நாளில் எத்தனை மணி நேரம் விசாரணை நடந்தது என்பதை அதிலிருந்தே கண்டறியுமாறு வேண்டுகிறேன்.

முந்தைய உத்தரவு நாள்தோறும் அரை மணி நேரம் வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதித்தது. 13-ஆம் தேதி, குப்பம் போயிருப்பதாகச் சொல்லி மாலை ஏழு மணி வரை நிலைய வாசலில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். டி.கே. பாசு வழக்கின் நெறிப்படி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனைக்கு, 12-ஆம் தேதிச் சான்றுக்குப் பின் எந்தத் தாளும் இல்லை. எதிரி இன்று இடது காலை ஊன்றாமல் நடந்து வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி அவரது உள்ளங்காலை நடுவர் அவர்களே பார்வையிட்டு, பார்த்ததை இன்றைய உத்தரவில் பதிவு செய்ய வேண்டும்.

எனவே, காவல் நீட்டிப்பு மனுவைத் தள்ளுபடி செய்து, கைது சட்டவிரோதமானது எனக் கண்டு, உரிய நிபந்தனைகளுடன் எதிரியை விடுவிக்குமாறும், அது ஏற்கப்படாவிடில் நீதிமன்றக் காவலுக்கு மட்டும் அனுப்பி, தேவையான விசாரணையைச் சிறையிலேயே, என் முன்னிலையில், தெலுங்கு மொழிபெயர்ப்பாளருடன் நடத்த உத்தரவிடுமாறும், எதிரியைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்றே பரிசோதித்து அறிக்கை பெறுமாறும், பரம்வீர் சிங் சைனி வழக்குத் தீர்ப்பின்படி நிலையத்தில் இருக்க வேண்டிய கண்காணிப்புக் கேமராக்களின் 09.12.2025 காலை 6 மணி முதல் இன்று வரையிலான பதிவுகளை அழியாமல் பாதுகாத்துத் தாக்கல் செய்ய ஆணையிடுமாறும் பணிந்து வேண்டிக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி
15.12.2025
எதிரி தரப்பு வழக்கறிஞர்