கோயில் வாட்ஸப் குழு: அட்மின்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

குடியாத்தம் மாரியம்மன் கோயில் விழாக் குழு
ஆடி 1 முதல் ஐந்து அட்மின்களுக்கும் பொருந்தும்

நம் குழுவில் 412 பேர் இருக்கிறார்கள். திருவிழா, தலைக்கட்டு வரி, அன்னதானம், இறப்புச் செய்தி எல்லாம் இங்கேதான் வருகிறது. முகப்பில் அம்மன் படம் இருப்பதால், இதில் வருவது கோயிலே சொன்னதாக ஊர் எடுத்துக்கொள்கிறது. பொய்ச் செய்தி ஒன்று இங்கே பத்து நிமிடம் நின்றாலும் அது கோயில் பெயரோடுதான் வெளியே போகும். இந்த விதிகள் அதைத் தடுக்கத்தான்.

வதந்தி

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அவரை அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்பே அப்படிப்பட்ட வாட்ஸப் செய்திகள் வடாற்காடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆகவே "பிள்ளை பிடிப்பவர்" செய்தியை, யார் போட்டாலும், எவ்வளவு நல்லெண்ணத்தில் போட்டாலும், ஒரு நிமிடம்கூட விட்டுவைக்கக் கூடாது.

பார்த்த அட்மின் செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

1. அனுப்பியவர் பெயர், எண், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும். அழித்த பிறகு காவல் நிலையம் கேட்டால் காட்ட வேறு எதுவும் இருக்காது.
2. செய்தியை அழுத்திப் பிடித்து `Delete for everyone` கொடுக்கவும். அழித்தது எந்த அட்மின் என்று எல்லோருக்கும் தெரியும்; அதற்காகத் தயங்க வேண்டாம்.
3. உடனே இதைப் போடவும்: "சற்று முன் வந்த செய்தி உறுதி செய்யப்படாதது. யாரும் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம். ஃபோனில் இறங்கியிருந்தால் அழித்துவிடவும். சந்தேகம் இருந்தால் 112-க்குச் சொல்லவும்."
4. அனுப்பியவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவும். குழுவுக்குள் கண்டிக்க வேண்டாம்.

மூன்றாவது படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நாம் அழித்தாலும், அதற்குள் இறங்கிய படமும் வீடியோவும் பலர் ஃபோனில் அப்படியே இருக்கும். மறுப்பு வராவிட்டால் "உண்மை என்பதால்தான் எடுத்துவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்பும்.

இரட்டை அம்புக்குறியோடு `Forwarded many times` என்று வந்தால், அந்தச் செய்தி ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்திருக்கிறது. கோயில் சம்பந்தப்படாத அப்படிப்பட்ட எதையும் படித்துப் பார்க்காமலே எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் குறி இல்லை என்பதால் நம்பிவிடக் கூடாது. எழுத்தை நகல் எடுத்து ஒட்டினால் குறி மறைந்துவிடும். "நம் ஊர்", "நேற்று", "என் மாமா பார்த்தார்" என்று இருந்தால் எந்த ஊர், எந்தத் தேதி, மாமா எண் என்ன என்று கேளுங்கள். பதில் வராது.

வேறு மதத்தாரைப் பற்றியோ, சிலை சேதம், கொடி, ஊர்வலம் பற்றியோ வந்தால் சரிபார்ப்பதெல்லாம் குழுவுக்கு வெளியே. "இது உண்மையா?" என்று கேட்டுப் போட்டாலும் 412 பேருக்கும் போய்விட்டது போய்விட்டதுதான். முதலில் அழிக்கவும், பிறகு காவல் நிலையத்துக்குப் பேசவும். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகப் பிறர் போட்ட பதிவுக்குக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆனால் அட்மினே அதைப் பகிர்ந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பகை மூட்டும் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு இருக்கிறது. கட்டைவிரல் குறி போடுவதும் வேண்டாம்.

மழைக்காலத்தில் மோர்தானா அணை உடைந்தது என்ற வாய்ஸ் மெசேஜ் வரும். அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வருவது வேறு, உடைவது வேறு. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை மட்டும், தேதி தெரியும்படி போடவும். ஆனால் ஆற்றோரத் தெருக்காரர்களுக்கு உண்மையான எச்சரிக்கை தாமதமாகக் கூடாது. அந்த வாரம் பணியில் இருக்கும் அட்மின் உடனே நாலு வீட்டுக்காவது ஃபோன் பண்ண வேண்டும்.

"சிஎம்சியில் ரத்தம் அவசரம்" என்று வருவதில் பல பழையவை. நோயாளியின் உடனிருப்பவரிடம் பேசி, எந்த வார்டு, என்ன வகை, எத்தனை யூனிட், எப்போதுக்குள் என்று கேட்ட பிறகே அனுமதி. பதிவின் முதல் வரியில் தேதியும் "இன்று மாலை 6 வரை" என்பது போலக் கெடுவும் இருக்க வேண்டும். கெடு முடிந்ததும் அழிக்கவும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் ஃபோன் வந்துகொண்டே இருக்கும். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டால் வீண் அலைச்சல் குறையும்.

வசூலுக்கான கியூஆர் குறியைப் பொருளாளர் மட்டுமே போடலாம். வேறு யார் போட்டாலும் உடனே அழிக்கவும். பணம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் காலை வரை காத்திருக்கச் சொல்லாமல் அப்போதே 1930-க்குப் பேசச் சொல்லவும்.

அரசியல்

கட்சிக் கொடி, சின்னம், தலைவர் படம், பிறந்தநாள் வாழ்த்து, எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்யும் படம் எதுவும் கூடாது. சாதிப் பெருமைப் பதிவுக்கும் இதே விதி. பொங்கல் வாழ்த்து என்ற பெயரில் ஓரத்தில் தலைவர் படம் இருந்தாலும் எடுக்கவும்.

சிக்கல் வருவது உபயத்தில். கவுன்சிலர் பந்தல் போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ரசீதில் உள்ளபடி பெயரும் உபயமும் மட்டும் போடவும். பதவியும் வேண்டாம், படமும் வேண்டாம். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் இதே ஒரு வரிதான்.

சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர் பற்றி எழுதுவது அரசியல் ஆகாது. நகராட்சிக்குப் புகார் கொடுத்த விவரம் இருக்கலாம். "இவங்க ஆட்சியில இப்படித்தான்" என்று அடுத்த வரி வந்ததும் நிறுத்தவும். அறநிலையத் துறை அறிவிப்பைப் போடலாம், அதன்மேல் விவாதம் வேண்டாம்.

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடிவு வரும்வரை அட்மின்கள் மட்டுமே பதிவிடும்படி மாற்றவும். வழிபாட்டுத் தலங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. வேட்பாளரோ முகவரோ ஆகும் அட்மின் அந்த நாட்களில் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

இரவு நேரம்

இரவு 10 முதல் காலை 6 வரை பதிவு இல்லை. ஒலிபெருக்கிக்கு உள்ள அதே நேரம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் பிடிப்பவர்கள் தூங்க வேண்டும். நடுராத்திரியில் ஃபோன் அடித்தால் வயதானவர்கள் ஏதோ சாவுச் செய்தி என்று பதறி எழுகிறார்கள். குழு தானாகப் பூட்டிக்கொள்ளாது. அந்த வாரப் பணி அட்மின் 10 மணிக்கு `Group permissions`-க்குள் போய் உறுப்பினர் செய்தி அனுப்பும் அனுமதியை அணைத்து, காலையில் திறக்க வேண்டும். வாரம் ஞாயிறு மாறும். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே வேறொருவரிடம் ஒப்படைக்கவும்.

இரவில் அட்மின் போடக்கூடியவை: இறப்பு, காணாமல் போனவர், தீ, வெள்ளம், சரிபார்த்த ரத்தத் தேவை. இறப்புச் செய்தியைக் குடும்பத்தில் ஒருவரிடம் பேசாமல் போடக் கூடாது. பெயர், தெரு, எடுக்கும் நேரம் மூன்றும் ஒரே பதிவில் வரட்டும். ஆழ்ந்த இரங்கல் வரிகள் காலையில் வரலாம். சிவராத்திரிக்கும் திருவிழா இரவுக்கும் பூட்டு இல்லை. மார்கழியில் 4.30-க்குத் திறக்கலாம்.

மீறினால்

ஒரே ஒருவரை மட்டும் பேசவிடாமல் தடுக்கும் வசதி வாட்ஸப்பில் இல்லை. நீக்குவது ஒன்றே வழி. ஆகவே முதல் முறை தனியாக ஃபோன், இரண்டாம் முறை தனியாக எழுத்தில், மூன்றாம் முறை 30 நாள் நீக்கம். நீக்க இரண்டு அட்மின்கள் சம்மதிக்க வேண்டும், அவருடைய உறவினராக இருப்பவர் அதில் சேரக் கூடாது. இரவில் யாரையும் நீக்க வேண்டாம். கோபம் மறுநாள் கோயில் வாசலுக்கு வரும். அந்த வீட்டில் இன்னொருவர் குழுவில் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் ஒருவரைச் சேர்க்கவும். வரி, பொங்கல் வைக்கும் நேரம் எல்லாம் அந்த வீட்டுக்கும் போய்ச்சேர வேண்டும்.

பகை மூட்டும் பதிவை அழித்த பிறகும் திரும்பப் போட்டால் இந்தப் படிகள் இல்லை, பணி அட்மின் அப்போதே நீக்கலாம். இரவு என்றாலும் சரி. மற்ற நால்வருக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு தகவல் கொடுக்கவும்.