ஏனையவை 140

அப்பாவின் சம்பளச் சிட்டையைப் பார்ப்பது என் வேலை. பஸ்ஸில் சில்லறை எண்ணுவதில் அவர் கெட்டிக்காரர். தன்னுடைய காசென்றால் மட்டும் எண்ண மாட்டார்.

சேமலாப நிதி 8 வீதம்: 62,500க்கு 5,000. சரி. முத்திரை 25. அதுவும் சரி. கடைசி வரியில், "ஏனையவை 140."

"இது என்னப்பா?"

"ஏதாவது இருக்கும். விடு பிள்ளை."

பழைய சிட்டைகளைத் தேடி எடுத்தேன். மூன்று மாதமும் அதே 140.

"பருத்தித்துறை பஸ்ஸில 10 ரூபா மிச்சம் குடுக்காட்டி, நெல்லியடி வரைக்கும் சனம் உங்களைச் சும்மா விடுமோ?"

அப்பா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மூன்று சிட்டைகளையும் மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தக் கிளார்க் பெடியன் எட்டரைக்குத்தான் வருவான்" என்றார்.