தாய்ப்பால் போதும், பிறகு இந்தச் சொட்டு எதற்கு?

அன்புள்ள மலர்விழி,

நீங்களும் குழந்தையும் நலம்தானே? நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டே வரியில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டு வரியும் உங்கள் காதில் முழுமையாக விழுந்திருக்காது. அதனால் இந்தக் கடிதம். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை, பால் கொடுக்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான்: "ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்று சொன்னவரே நீங்கள்தான். இப்போது வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்கிறீர்கள். அப்படியானால் என் பாலில் ஏதோ குறை இருக்கிறதா?"

கேள்வியின் கடைசிப் பகுதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. மூன்று வாரமாகத் தூக்கமின்றிப் பால் கொடுத்துவரும் ஒரு தாய்க்கு அந்தச் சந்தேகம் வரவே கூடாது. உங்கள் பாலில் குறை இல்லை. மாதக்கணக்கில் மிக நன்றாகச் சாப்பிட்டுவரும் தாயின் பாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பாலைப் போலத்தான் இருக்கும்.

எண்களைப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 ஐ.யு. வைட்டமின் டி தேவை. ஐ.யு. என்பது அளவைக் குறிக்கும் அலகு, 400 ஐ.யு. என்றால் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தாய்ப்பாலிலோ பொதுவாக 80 ஐ.யு.வுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது, பலரிடம் 25-ஐக்கூட எட்டுவதில்லை. முதல் மாதம் கடந்த குழந்தை ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் குடிக்கும். பாலிலிருந்து மட்டுமே 400 வேண்டுமென்றால், நல்ல அளவு உள்ள பாலிலேயே உங்கள் மகள் தினமும் ஐந்து லிட்டர் குடித்தாக வேண்டும்.

பாலில் ஏன் இவ்வளவு குறைவு? வைட்டமின் டி உடலுக்குள் முக்கியமாக இரண்டு வடிவங்களில் சுற்றுகிறது. தோலிலோ உணவிலோ இருந்து புதிதாக வருவது ஒன்று. அதைக் கல்லீரல் மாற்றிச் சேமிப்பாக இரத்தத்தில் வைத்துக்கொள்வது இன்னொன்று. இந்தச் சேமிப்பு வாரக்கணக்கில் நிற்கும், ஆனால் பாலுக்குள் எளிதில் இறங்காது. புதிதாக வரும் வடிவம் பாலுக்குள் ஓரளவு இறங்கும், ஆனால் இரத்தத்தில் ஒரு நாளுக்கு மேல் பெரிதாக நிற்பதில்லை. ஆகவே இரத்தப் பரிசோதனையில் உங்கள் அளவு நன்றாக இருந்தாலும் பாலில் அது கொஞ்சமாகவே தெரியும்.

இதை இயற்கையின் மறதி என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தச் சத்து பால் வழியே வரவேண்டியதாகவே இல்லை; அது வெயிலிலிருந்து வரவேண்டியது. தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள்மீது சூரியனின் புறஊதா பி கதிர் பட்டால் வைட்டமின் டி உருவாகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. வெட்டவெளியில் வாழ்ந்த மனிதக் குழந்தைக்கு இந்த வழி திறந்தே இருந்தது. அதை மூடியது நம் கூரைகளும் சுவர்களும் துணிகளும்தான். எனவே நீங்கள் கொடுக்கும் சொட்டு வெயிலுக்கு ஈடு. பாலுக்கு அது எந்த வகையிலும் ஈடல்ல.

இதைக் கண்டறிந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1919-இல் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற பெர்லின் மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையாகிப்போன குழந்தைகள்மீது புறஊதா விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோது ஒளி படாத கையும் சேர்ந்தே தேறியது. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உருவாகி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது என்றுதானே பொருள்? அதற்கு வைட்டமின் டி என்ற பெயரே பிறகு, 1922-இல்தான் வந்தது.

அப்படியானால் வெயிலிலேயே காட்டிவிடலாமே என்று உங்கள் அம்மா கேட்டதாகச் சொன்னீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காலை இளவெயில் மேனிக்கு இதமாக இருந்தாலும் இந்த வேலைக்கு அநேகமாகப் பயன்படாது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது புறஊதா பி கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வரவேண்டும், வழியிலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடுகிறது. சன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் படுக்கவைத்தாலும் சூடுதான் கிடைக்கும். உச்சி வெயிலில் அந்தக் கதிர் நிறைய உண்டு, ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் மெல்லிய தோலை நேரடி வெயிலில் வைக்கக் கூடாது. தோலின் நிறம், பருவம், மேகம் எல்லாம் சேர்ந்து கணக்கை மாற்றுவதால், இத்தனை நிமிடம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொட்டில் அந்தக் குழப்பம் இல்லை. இன்று 400, நாளையும் 400.

"உங்களையெல்லாம் சொட்டு கொடுத்தா வளர்த்தோம்?" என்றும் அவர் கேட்டாராம். சொட்டு பெறாத குழந்தைகள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் பாதிப்பு சத்தமில்லாமல் வருவது. வைட்டமின் டி இல்லாவிட்டால் பாலில் உள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. வேகமாக வளரும் எலும்புக்குக் கால்சியம் போதாமல் அது மென்மையாகவே நிற்கும். மணிக்கட்டு தடிக்கும், உச்சிக்குழி மூடத் தாமதமாகும், நடக்கத் தொடங்கியதும் உடல் எடை தாங்காமல் கால்கள் வளையும். அதுதான் ரிக்கெட்ஸ். சில குழந்தைகளுக்கு எலும்பில் எதுவும் தெரிவதற்கு முன்பே, இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வந்துவிடுகிறது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை கொடுக்கும் சொட்டால் தடுக்கக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன்.

பிறக்கும்போது உங்களிடமிருந்து ஒரு கையிருப்பை வாங்கிக்கொண்டுதான் அவள் வந்திருக்கிறாள். அதுவும் உங்கள் அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், சில வாரங்களில் கரைந்தும்விடும். ஆகவேதான் பிறந்த முதல் சில நாட்களிலேயே தொடங்கச் சொல்கிறோம். நீங்கள் மூன்று வாரம் தள்ளிவிட்டதற்காக வருந்த வேண்டாம், இன்று தொடங்குங்கள்.

தண்ணீர்கூட வேண்டாம் என்று சொன்னதோடு இது முரண்படவில்லையா என்றால், இல்லை. முழுத் தாய்ப்பால் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வரையறையே வைட்டமின் சொட்டு, மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அனுமதிக்கிறது. தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு எந்த இடத்தையும் பிடிக்காது.

இனி நான் அதிகம் வலியுறுத்த வேண்டிய இடம், அளவு. கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துகள் ஒரே மாதிரியானவை அல்ல. ஒரு மருந்தில் 1 மி.லி.யில் 400 ஐ.யு. இருக்கும், இன்னொன்றில் அரை மி.லி.யிலேயே 400, வேறொன்றில் ஒரே ஒரு சொட்டில் 400. கடைசி வகையை முதல் வகை என்று நினைத்து 1 மி.லி. ஊற்றினால் சுமார் முப்பது நாளுக்கான மருந்து ஒரே வேளையில் போய்விடும். முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 1000 ஐ.யு.வைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மேல் வரம்பு. இந்த வைட்டமின் சிறுநீரில் வெளியேறிவிடாமல் உடலிலேயே தங்குவதால் தினமும் கூடுதலாகக் கொடுத்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். குழந்தை சோர்ந்து, பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுக்கும், மலச்சிக்கலும் வரும். எனவே புட்டியின் மேலட்டையைத் தூக்கிப்போடாதீர்கள். அதில் "எவ்வளவில் 400 ஐ.யு." என்ற வரியைத் தேடிக் கோடிட்டு வையுங்கள். புட்டியோடு வந்த அளவுக்குழலை மட்டும் பயன்படுத்துங்கள். வேறு மருந்தின் குழல் வேண்டாம். வேறு நிறுவன மருந்துக்கு மாறும்போது அளவை மறுபடி பாருங்கள். மருத்துவர் பல வைட்டமின்கள் சேர்ந்த வேறு சொட்டும் எழுதியிருந்தால் அதிலும் டி இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கொடுப்பது எளிது. குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள். நேராகத் தொண்டையில் பீய்ச்சினால் புரையேறும். ஒரே சொட்டு வகையாக இருந்தால் முலைக்காம்பில் வைத்துவிட்டுப் பால் கொடுக்கலாம், குழந்தை அதை உணர்வதேயில்லை. பிழிந்தெடுத்த பால் கொஞ்சத்தில் கரண்டியால் கொடுத்தாலும் சரி. முழுப் புட்டிப் பாலில் மட்டும் கலக்காதீர்கள், மிச்சம் வைத்துவிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியாது. என் மகனுக்கு முதல் வாரம் கொடுத்ததில் பாதி அவன் சட்டைக்குத்தான் போயிற்று, எட்டாம் நாள் கை பழகிவிட்டது. துப்பினாலும் மறுபடி கொடுக்க வேண்டாம். ஒரு நாள் மறந்தால் மறந்ததுதான். மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். தினமும் குளிப்பாட்டியதும் என்று ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவைத்தால் மறதி குறையும்.

நீங்களே அதிக அளவு வைட்டமின் டி எடுத்துக்கொண்டால் பாலில் போதாதா என்று ஒருவேளை தோன்றலாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் தாய்மார் தினமும் 6400 ஐ.யு. எடுத்துக்கொண்டபோது, அவர்கள் பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் அளவு நேரடியாக 400 பெற்ற குழந்தைகளைப் போலவே இருந்தது. ஆனால் அது வழக்கமான அளவைவிடப் பல மடங்கு. மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். உங்களுக்கென எழுதித் தந்த மாத்திரையை மட்டும் தொடருங்கள், அதையும் இந்தச் சொட்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இதைத் தொடர வேண்டும். திட உணவு தொடங்கியதும் நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், உணவிலிருந்து கிடைக்கும் டி மிகக் குறைவு. இடையில் எப்போதாவது புட்டிப்பால் சேர்ந்தாலும், டி சேர்த்துச் செறிவூட்டிய குழந்தைப் பால்மாவுப் பால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் போகும்வரை சொட்டு தேவைதான். இரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம். குறிப்பான அறிகுறி இருந்தால் குழந்தைநல மருத்துவரே சொல்வார். இரும்புச்சத்துச் சொட்டு வேறு கதை. அதை நான்காம் மாதத்தில் பேசுவோம்.

அடுத்த புதன்கிழமை எடை பார்க்க வரும்போது புட்டியையும் அதன் அளவுக்குழலையும் கையோடு கொண்டுவாருங்கள். ஒருமுறை என் எதிரிலேயே அளந்து காட்டுங்கள். உங்கள் அம்மாவுக்கு நேரமிருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

அன்புடன்,
கயல்விழி
உணவியல் ஆலோசகர்